வகுப்பறைப் பதிவில் குரல் தெளிவாகக் கேட்க: வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண்

கேள்வி: “பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் 45 பேர், நாலு ஃபேன். லீவு போட்ட பிள்ளைகளுக்காக என் போனை முதல் பெஞ்சில் வைத்துப் பாடத்தைப் பதிவு செய்து அனுப்புகிறேன். ஃபேன் இரைச்சல்தான் கேட்கிறது, என் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது என்கிறார்கள். நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா, இல்லை சத்தத்தை எடுத்துவிடும் ஆப் ஏதாவது இருக்கிறதா?”

இரண்டுக்கும் முன்னால் போன் இருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள் டீச்சர். முதல் பெஞ்சில் வைத்தால் எவ்வளவு விலை உயர்ந்த மைக்கும் உங்கள் போன் செய்வதைத்தான் செய்யும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால், போனோடு வந்த பழைய இயர்போனில் இருக்கிற மைக்கே பெரும்பாலும் போதும். நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் 16 வருடம் வேலை பார்த்தவன். கடந்த ஆறேழு வருடமாகத் தொலைநிலைக் கல்விப் பாடங்களைப் பதிவு செய்கிறேன். அதில் பாதி, கூடத்தில் இல்லாமல் நிஜ வகுப்பறையில் நடப்பவை. என் அக்காவும் உங்களைப் போலவே இயற்பியல் ஆசிரியை. அவள் வகுப்பில் போய்ப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். கடைசி பெஞ்சில் இருக்கிற பையனுக்கே நான் பேசுவது கேட்கிறதே, முதல் பெஞ்சில் இருக்கிற போனுக்கு ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்தப் பையனுக்கு இரண்டு காது இருக்கிறது. குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது, ஃபேன் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை பிரித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் உதடு அசைவதும் அவன் கண்ணுக்குத் தெரிகிறது. போனுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. வந்து சேர்கிற ஒலி அத்தனையையும் ஒன்றாகக் கலந்து ஒரே கோடாக எழுதி வைக்கிறது. வீட்டில் அதைக் கேட்கிற பிள்ளைக்கு ஃபேனும் நீங்களும் ஒரே இடத்திலிருந்து, அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்தே வருகிறீர்கள். பிரித்துக் கேட்க வழியே இல்லை. அதனால் “நேரில் நன்றாகத்தானே கேட்டது” என்பது பதிவுக்கு அளவுகோல் ஆகாது.

இப்போது தூரத்தின் கணக்கு. உங்களுக்கு இது பாடம் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். கொஞ்சம் குரலை உயர்த்திப் பாடம் நடத்துகிறவரின் குரல் ஒரு மீட்டரில் சுமார் 65 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். முதல் பெஞ்ச் மூன்று மீட்டரில் இருந்தால் அங்கே போய்ச் சேருவது 55 சொச்சம். நாலு ஃபேன் ஓடுகிற அறையின் இரைச்சலும் ஏறக்குறைய அதே 55-இல் இருக்கலாம். ஃபேன் சத்தம் அறை முழுக்கப் பரவி நிற்பதால் பெஞ்சில் வைத்தாலும் மேசையில் வைத்தாலும் அது பெரிதாக மாறாது. அதாவது பெஞ்சில் இருக்கிற போனுக்கு நீங்களும் ஃபேனும் சரிக்குச் சரி. அதே மைக்கை வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் வைத்தால் உங்கள் குரல் 79 டெசிபலுக்கு ஏறிவிடுகிறது. ஃபேன் அதே 55-இல் நிற்கிறது. இடைவெளி 24. பேச்சு இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்பது வகுப்பறை ஒலியியலில் வழக்கமாகச் சொல்லும் அளவு. அதைத் தாண்டிவிட்டீர்கள், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல். இந்த எண்கள் அறைக்கு அறை ஐந்தாறு டெசிபல் முன்னே பின்னே போகும். முடிவு மாறாது.

“கிணற்றுக்குள் இருந்து” என்று பிள்ளைகள் சொன்னது இரைச்சலைப் பற்றியது இல்லை. அது எதிரொலி. சிமென்ட் சுவர், காங்கிரீட் கூரை, மொசைக் அல்லது டைல்ஸ் தரை என்று வகுப்பில் எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகிற பரப்புகள். நீங்கள் சொன்ன ஒரு சொல் நின்ற பிறகும் அதன் எச்சம் ஒரு விநாடிக்கு மேல் அறையில் சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த சொல் அதன் மேலேயே விழும். 20-க்கு 20 அடி அறையில், உங்கள் வாயிலிருந்து சுமார் இரண்டடி தாண்டினாலே மைக்கை அடைகிற ஒலியில் நேராக வந்ததைவிடச் சுவரில் பட்டுத் திரும்பியது அதிகமாகிவிடும். பத்தடி தள்ளி இருக்கிற போன் உங்களைக் கேட்கவில்லை, அறையைத்தான் கேட்கிறது. ஆப் பற்றி நான் தயங்குவதற்கும் இதுதான் காரணம். ஃபேன் இரைச்சல் ஒரே சீராக இருப்பதால் அதை ஓரளவு கழித்துவிடலாம். எதிரொலியோ உங்கள் குரலின் நகல். அதைக் குரலிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. பிரிக்க முயல்கிற மென்பொருள் குரலின் ஒரு பகுதியையும் சேர்த்தே தின்றுவிடும்.

அக்கா வகுப்பில் நடந்ததைச் சொன்னால் இது எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும். இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பையன், அவள் அனுப்பிய பதிவுகளைக் கேட்டு ஒழுங்காக நோட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதில் இயக்கச் சமன்பாட்டை, S வர வேண்டிய இடத்தில் F போட்டு, F = ut + ½at² என்று எழுதியிருந்தான். அடுத்த பக்கத்தில் F = ma. இரண்டிலும் அதே எழுத்து. அவன் கவனக்குறைவானவன் இல்லை, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். “எஸ்”, “எஃப்” இரண்டுக்கும் முன்னால் வருகிற “எ” ஒன்றுதான். கடைசியில் வருகிற காற்றொலி மட்டும்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெல்லிய ஒலியாக இருக்கிறது. ஃபேன் காற்றின் இரைச்சலும் எதிரொலியும் முதலில் விழுங்குவது அதைத்தான். “பி, டி, வி, இ” என்ற எழுத்துப் பெயர்களும் இப்படித்தான் ஒன்றோடொன்று குழம்பும். குரல் கேட்கிறது, வாக்கியமும் புரிகிறது, ஆனால் சூத்திரத்தில் இருக்கிற எழுத்து மாறிவிடுகிறது. இயற்பியல் பாடத்துக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. அதனால் பதிவு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும்போது, குரல் பலமாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எஸ்ஸும் எஃப்பும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள்.

அன்றைக்கு அக்கா வகுப்பிலேயே மூன்று விதமாகப் பதிவு செய்து பார்த்தோம். முதல் பெஞ்சில் போன், மேசை மேல் போன், அப்புறம் சட்டைப்பை அளவு ஒரு சின்னப் பையில் போனை வைத்து இடுப்பில் கட்டி, இயர்போன் மைக்கைப் புடவையில் குத்தியது. மேசை மேல் வைத்தது பெஞ்சைவிடக் கொஞ்சம் தேவலை. ஆனால் அவள் கரும்பலகையின் அந்தக் கோடிக்குப் போனதும் குரல் போய்விட்டது. டஸ்டரை மேசையில் வைத்தபோது வெடி வெடித்த மாதிரி கேட்டது. மூன்றாவது பதிவில் ஃபேன் ஓடுவது தெரிந்தது, ஆனால் பின்னால் எங்கேயோ இருந்தது. எஸ், எஃப் இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. மூன்றுக்கும் போன் ஒன்றுதான்.

ஆக, முதலில் இதைச் செய்யுங்கள். மைக் உள்ள இயர்போனை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் இரண்டு முனையையும் புடவைக்குள்ளோ பைக்குள்ளோ விட்டுவிடலாம். கம்பியின் நடுவே ஒரு சின்ன ஓட்டை உள்ள உருண்டையோ பட்டனோ இருக்கும், அதுதான் மைக். அதை மோவாய்க்குக் கீழே ஒரு சாண், ஆறிலிருந்து எட்டு அங்குலம், நெஞ்சின் நடுவாக்கில் வருகிற மாதிரி பொருத்துங்கள். இன்னும் கிட்டே, தொண்டைக் குழியில் வைத்தால் குரல் மோவாயின் மறைவில் விழுந்து மொத்தையாகக் கேட்கும். வாய்க்கு நேரே வைத்தால் “ப”, “ஃப” சொல்லும்போதெல்லாம் மூச்சுக்காற்று மோதி டப் டப் என்று அடிக்கும். கீழே ஒரு சாண் என்பதுதான் நடுவான இடம். பாடம் நடத்தும்போது தலையை அடிக்கடி ஒரு பக்கமாகத் திருப்புகிற பழக்கம் இருந்தால், மைக்கை நடுவிலிருந்து இரண்டு விரல்கடை அந்தப் பக்கமாகத் தள்ளி வைக்கலாம். பலகையில் எழுத உடம்போடு திரும்பினால் பிரச்சினை இல்லை, மைக்கும் உங்களோடு திரும்பிவிடும்.

இயர்போன் மைக்கால் திருப்தி இல்லை என்றால் கம்பி உள்ள காலர் மைக் ஒன்று வாங்கலாம். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். அதோடு வருகிற கிளிப் ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன். வாங்கும்போது கடைசி முனையில் இருக்கிற பின்னைப் பாருங்கள். போனுக்கானதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. இரண்டு வளையம் உள்ளதைப் போனில் செருகினால் பல போன்கள் அதை மைக் என்றே கண்டுகொள்ளாது, ஒன்றும் சொல்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். 45 நிமிடம் பேசி முடித்த பிறகு, பைக்குள் இருந்த போன் துணி உரசும் சத்தத்தை மட்டும் பதிந்து வைத்திருக்கும். எனக்கே இது நடந்திருக்கிறது, அதுவும் திரும்ப எடுக்க முடியாத ஒரு சிறப்புரையில். அன்றிலிருந்து எப்போதும் ஒரு சோதனை செய்கிறேன். பதிவை ஓடவிட்டு, காலரில் இருக்கிற மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுவேன். பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுவேன். கேட்டுப் பார்த்தால் எது பலமாகச் சுரண்டுகிறது என்று தெரிந்துவிடும். பத்து விநாடி வேலை. வட்டத் துளையே இல்லாத புதுப் போன் என்றால் டைப்-சி முனை உள்ள இயர்போனோ, மாற்றும் அடாப்டரோ வேண்டும். அதிலும் இந்தச் சுரண்டல் சோதனை அவசியம், ஏனென்றால் எல்லா அடாப்டரும் மைக்கைக் கடத்துவதில்லை.

மைக்கைக் கிட்டே கொண்டுவந்த பிறகு புதிதாக ஒரு எதிரி வரும், துணி. கஞ்சி போட்ட காட்டன் புடவை ஒவ்வொரு அசைவுக்கும் காகிதம் கசங்குகிற மாதிரி சத்தம் போடும். முந்தானை மைக்கின் மேல் வந்து விழும். தாலிச் சங்கிலியும், கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையும் மைக்கில் தட்டும். அக்காவின் முதல் பதிவில் இரண்டு விநாடிக்கு ஒரு முறை “டிக்” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் தேடிய பிறகுதான் அடையாள அட்டையின் கொக்கி என்று தெரிந்தது. பதிவு நேரத்தில் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிடுங்கள், சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். மைக்கை முந்தானை மடிப்பின் மேல் விளிம்பில், வெளிப்பக்கமாகக் குத்துங்கள். அதன் மேல் வேறு துணி எதுவும் படக் கூடாது. சுடிதார் என்றால் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திவிட்டு, மைக்கைக் கழுத்து விளிம்பில் வைக்கலாம். கிளிப்புக்குக் கீழே கம்பியை ஒரு சின்ன வளையமாக மடித்து ஊக்கால் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கை வீசும்போது கம்பி இழுபடும் சத்தம் நேராக மைக்குக்கு ஏறிவிடும்.

ஃபேனைப் பற்றி. நாலையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், 45 பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் தலைக்கு மேலே, பலகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதன் சத்தத்தைவிட அதன் காற்றுதான் கெடுதல். மைக் மேல் நேரடியாகக் காற்று பட்டால் கடகடவென்று ஒரு தாழ்ந்த உறுமல் பதிவாகும். அந்த ஃபேன் ஓடியே தீர வேண்டும் என்றால், மைக்கோடு வந்த பஞ்சு உறையைக் கட்டாயம் மாட்டுங்கள். இன்னொன்று, வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும் என்று எப்போதும் நம்ப முடியாது. சில எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் நடு வேகத்தில் வைத்தால் ஃபேன் மோட்டார் “ம்ம்” என்று ரீங்காரமிட ஆரம்பிக்கும். முழு வேகத்தில் காற்றுச் சத்தம் அதிகம், ரீங்காரம் கிடையாது. உங்கள் ரெகுலேட்டர் எந்த ரகம் என்பதை ஒவ்வொரு வேகத்திலும் அரை நிமிடம் பதிந்து கேட்டால்தான் தெரியும். பதிவு செய்யும்போது போனைச் சார்ஜில் போடாதீர்கள். கம்பி மைக் வழியாகக் கரண்ட் ஊளை ஏறிவிட வாய்ப்பு உண்டு, பிறகு எடுப்பது சிரமம்.

போனின் உள்ளே நடக்கிற ஒரு விஷயம், தெரிந்துகொண்டால் உதவும். பெரும்பாலான போன்கள் ஒலி குறைந்தால் தானாகவே கூட்டிக்கொள்ளும், அதிகமானால் தானாகவே குறைத்துக்கொள்ளும். தூரத்தில் வைத்த பதிவில், நீங்கள் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் ஃபேன் சத்தம் அலை மாதிரி எழும்பி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது இதன் வேலை. “யாரும் பேசவில்லையே, கூட்டிவைப்போம்” என்று போன் முடிவெடுக்கிறது. மைக் கிட்டே இருந்தால் உங்கள் குரலே பலமாக இருப்பதால் போன் அந்த அளவுக்குத் தூக்க வேண்டியிருக்காது. ஒலியளவைக் கையால் வைக்கிற வசதி உங்கள் பதிவுச் செயலியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வகுப்பில் பேசுகிற அதே சத்தத்தில் பேசிப் பார்த்து, அளவுகோலில் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே வருகிற மாதிரி வைத்தால் போதும். பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் குரல் உடையும். உடைந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுசாக ஒட்ட முடியாது. ஃப்ளைட் மோடில் போடவும் மறக்காதீர்கள், நடுவில் வருகிற ஒரு அழைப்பு பதிவையே நிறுத்திவிடும்.

கம்பி இல்லாத மைக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். போனில் ஒரு சின்ன ரிசீவரைச் செருகி, மைக்கைச் சட்டையில் குத்துகிற ரகம் நல்லதுதான். போன் மேசையிலேயே இருக்கலாம், நீங்கள் வகுப்புக்குள் நடக்கலாம். அதில் சத்தம் நீக்கும் பொத்தான் ஒன்று இருக்கும், அதை அணைத்து வைத்தே ஆரம்பியுங்கள். விலை குறைந்தவற்றில் அது குரலைத் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆக்கிவிடும், காணாமல் போவது மறுபடியும் அந்த எஸ்ஸும் எஃப்பும்தான். போன் பேசுகிற புளூடூத் இயர்போனைப் பதிவுக்குப் பயன்படுத்துவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல பதிவுச் செயலிகள் அதன் மைக்கை எடுத்துக்கொள்வதே இல்லை. எடுத்துக்கொண்டாலும் போன் அழைப்பின் தரத்தில்தான் ஒலி வரும். பழைய வகைகளில் அது 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்றுவிடும்.

இதெல்லாம் சரியான பிறகு மென்பொருளுக்கு வரலாம். கணினி இருந்தால் Audacity இலவசம், போதுமானது. நான் செய்வது மூன்றே வேலை. முதலில் High-Pass Filter எடுத்து 90 ஹெர்ட்ஸ் என்று வைப்பேன். பெண் குரலில் அதற்குக் கீழே எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, ஃபேனின் உறுமலும் பெஞ்ச் நகரும் அதிர்வும்தான் இருக்கும். அடுத்தது Noise Reduction. இதற்கு ஃபேன் மட்டும் கேட்கிற மூன்று நாலு விநாடி தேவை. அதனால் பதிவை ஓடவிட்டதும் உடனே பேசாதீர்கள், வகுப்பை அமைதியாக இருக்கச் சொல்லி ஐந்து விநாடி விட்டுப் பேசுங்கள். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து Get Noise Profile கொடுத்து, பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, 6 முதல் 9 டெசிபல் வரை குறையுங்கள். அதற்கு மேல் போக ஆசை வரும், 20 வைத்தால் நிசப்தமாகிவிடும். ஆனால் குரலின் ஓரங்களில் சிணுங்குகிற மாதிரி ஒரு உலோகச் சத்தம் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஃபேன் கேட்பது பரவாயில்லை, பிள்ளைகள் அதற்கு இரண்டு நிமிடத்தில் பழகிவிடுவார்கள். உலோகக் குரலை 45 நிமிடம் கேட்க முடியாது. மூன்றாவதாக Loudness Normalization, மைனஸ் 16 LUFS. சின்னப் போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்களுக்குக் குரல் போதுமான அளவு எழும்ப இது தேவை. கணினி இல்லையென்றால் மூன்றையும் விட்டுவிடலாம். மைக் சரியான இடத்தில் இருந்தால் பதிவு அப்படியே அனுப்பத் தகுந்ததாகத்தான் இருக்கும். ஏற்கெனவே பெஞ்சில் வைத்து எடுத்த பழைய பதிவுகள் உங்களிடம் இருக்குமே, அவற்றை இந்த வழியில் கொஞ்சம் தேற்றலாம், மீட்க முடியாது. சூத்திரங்கள் வருகிற பகுதியை மட்டும் வீட்டில் ஃபேனை அணைத்துவிட்டுத் திரும்பப் பேசி அனுப்புவது வேகமான வேலை.

காலர் மைக்கில் ஒரு இழப்பு உண்டு. பிள்ளைகள் கேட்கிற கேள்வி சரியாகப் பதிவாகாது. வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு முணுமுணுப்பு, அப்புறம் உங்கள் பதில், அவ்வளவுதான் கேட்கும். இதற்கு இரண்டாவது மைக் வைக்க வேண்டாம், அது ஃபேனையும் எதிரொலியையும் திரும்ப உள்ளே கொண்டுவரும். கேள்வியை நீங்கள் ஒரு முறை சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள். கேட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் சொன்னால் போதும், பதிவு யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. பதிவு ஓடுகிறது என்பதை வகுப்பு தொடங்கும்போதே பிள்ளைகளிடமும், தொடங்கும் முன்பே தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவிடுவது நல்லது. அதே மாதிரி “இங்கே பாருங்க, இதை இங்கே கொண்டுபோனா” என்பது பலகையைப் பார்க்காதவருக்கு எதுவும் சொல்வதில்லை. “இரண்டாவது வரியில் இருக்கிற வி-ஐ இடது பக்கம் கொண்டுபோனால்” என்று அக்கா இப்போது பழகியிருக்கிறாள். எழுத்து வரும்போது “எஸ், இடப்பெயர்ச்சி”, “எஃப், விசை” என்று பெயரையும் சேர்த்தே சொல்கிறாள். மைக் ஒரு நாள் காலை வாரினாலும் நோட்டில் எழுத்து மாறாது.

வீடியோவும் வேண்டும் என்றால் பின்னால் ஒரு போனில் படம், இடுப்பில் இருக்கிற போனில் ஒலி என்று தனித்தனியாக எடுங்கள். தொடக்கத்தில் கேமராவைப் பார்த்து ஒரு முறை கை தட்டினால், பிறகு இரண்டையும் அந்தத் தட்டலில் பொருத்திவிடலாம். முக்கால் மணி நேரத்தில் இரண்டு போனின் கடிகாரமும் சிறிது விலகலாம், அதனால் முடிவிலும் ஒரு முறை தட்டுங்கள். ஆனால் நான் பார்த்த வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவும் பலகையின் நாலைந்து புகைப்படமும் போதுமாக இருக்கிறது, டேட்டாவும் மிச்சம். ஒரே ஒரு குரல்தான் என்பதால் ஸ்டீரியோ தேவையில்லை, மோனோ போதும். 64 கேபிபிஎஸ்ஸில் எம்4ஏ கோப்பாக வைத்தால் 45 நிமிடப் பாடம் சுமார் 22 எம்பி வரும். அதே பாடம் சுருக்காத வேவ் கோப்பில் 240 எம்பியை ஒட்டிப் போகும், அது உங்களிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள், அங்கே மறுபடி சுருங்காது.

நாளைக்கே செய்து பார்ப்பதென்றால், முதல் மணி அடிப்பதற்கு முன் ஃபேன்களை ஓடவிட்டு, மைக்கைக் குத்திக்கொண்டு, “எஸ், எஃப், பி, டி, வி, இ” என்றும் “வலி, வளி, வழி” என்றும் ஒரு முறை பலகையைப் பார்த்தும் ஒரு முறை வகுப்பைப் பார்த்தும் சொல்லிப் பதியுங்கள். காலி வகுப்பில் எதிரொலி கூடுதலாகவே இருக்கும், பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் உடம்பும் உடையும் கொஞ்சம் உறிஞ்சிவிடும், அதனால் காலியாக இருக்கும்போது தேறினால் பாடத்திலும் தேறும். நீங்களே கேட்டால் என்ன சொன்னீர்கள் என்பது தெரிந்திருப்பதால் எல்லாம் தெளிவாகத்தான் தோன்றும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் போனின் ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்காவது எழுத்து மாறியிருந்தால் மைக்கை இரண்டு விரல்கடை மேலே ஏற்றி, துணி எதுவும் மூடவில்லையே என்று பார்த்துவிட்டு, இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.